காற்புள்ளிகளுக்கு நடுவே: பாட்டுக்கு உரியவர் யார், விருந்தாக வந்தவர் யார்?

கோலாலம்பூரின் செந்தூலில் நடக்கவிருந்த ஓர் இசை நிகழ்ச்சிக்கு அறிவிப்புத் தாள் தயாரித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், உள்ளூர்ப் பாடல் ஒன்றை Spotify-யில் திறந்து கைப்பேசியை என்னிடம் நீட்டினார். பாடலின் பெயருக்குக் கீழே மூன்று பெயர்கள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரிசையாக நின்றன: புக்கிட் மெர்தாஜாமைச் சேர்ந்த ஒரு பாடகி, செந்தூலில் வளர்ந்த ஒரு ராப்பர், பாடலைத் தயாரித்த இளைஞர். "இதில் யாருடைய பாட்டு என்று மேடையில் சொல்வது? ராப்பர்தானே அதிகம் பாடுகிறார்?" என்று கேட்டார். முதன்மைக் கலைஞரையும் விருந்தினர் கலைஞரையும் பிரித்தறிய நம்மவர்கள் வழக்கமாகக் கையாளும் மூன்று வழிகளையும் அந்தப் பாடலிலேயே வைத்துப் பார்த்தோம்.

முதல் வழி, பெயர்களை இணைக்கும் சொல்லைப் பார்ப்பது. `feat.` அல்லது `ft.` என்று இருந்தால் அதற்கு முன்னால் இருப்பவர் பாட்டுக்கு உரியவர், பின்னால் இருப்பவர் விருந்தினர். `&` அல்லது `x` என்றிருந்தால் இருவரும் சமமாகச் சேர்ந்து வெளியிட்டார்கள் என்று பொருள். `with` என்பதை மட்டும் நான் நம்புவதில்லை. சிலர் அதை விருந்தினருக்கும் சிலர் சம கூட்டாளிக்கும் எழுதுகிறார்கள். `&` குறியிலும் நம் ஊர்க்காரர்கள் மறக்கக்கூடாத ஒரு பொறி உண்டு. யோகி பி & நட்சத்ரா என்பது யோகி பி ஒரு பக்கம், விருந்தினர் ஒரு பக்கம் என்று பிரித்துப் படிக்க வேண்டிய வரி அன்று; அது முழுவதும் ஒரே குழுவின் பெயர்.

இந்த வழியின் பெரிய குறை, இணைப்புச் சொல் எல்லாத் தளங்களிலும் கண்ணில் படுவதில்லை என்பதுதான். ஒரே பாடலை Apple Music-இல் திறந்தால் விருந்தினரின் பெயர் பாடலின் தலைப்போடு அடைப்புக்குறிக்குள் `feat.` என்று சேர்ந்து வரும். கலைஞர் வரியில் முதன்மையானவர் மட்டும் இருப்பார். Spotify-யிலோ, தலைப்பில் எழுதப்பட்டிருந்தால் ஒழிய, பாடலுக்குக் கீழே உள்ள வரி முதன்மையானவரையும் விருந்தினரையும் ஒரே எழுத்தளவில், ஒரே காற்புள்ளியோடு காட்டிவிடும். எனவே பெயர் வரியை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் வந்தால், Apple Music-இல் பார்ப்பதே மேல். நண்பரின் பாடல் அங்கே ஏற்றப்பட்டிருக்கவில்லை.

இரண்டாவது வழி காதை நம்புவது, அதாவது யார் அதிக நேரம் பாடுகிறாரோ அவருடைய பாட்டு என்று கொள்வது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் மூன்றில் மிகவும் பலவீனமானது இதுவே. அந்தப் பாடலில் ராப்பர் இரண்டு பத்திகளைச் சொல்கிறார். பாடகிக்குத் திரும்பத் திரும்ப வரும் நான்கு வரிகள் மட்டுமே. ஆனால் முதன்மை, விருந்தினர் என்ற பிரிவு உழைப்பை அளப்பதில்லை. யாருடைய பெயரில், யாருடைய வெளியீடாக அந்தப் பாடல் சந்தைக்கு வருகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. 2021-இல் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலை நினைத்துப் பாருங்கள். யூடியூபில் அது ‘தீ ft. அறிவு’ என்று வெளியானது. பாடல் வரிகளை எழுதியவரும் அதில் பெரும்பகுதியைப் பாடியவரும் அறிவுதான், ஆனாலும் பெயர் வரிப்படி அவர் விருந்தினர். அதே ஆண்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அவர் படம் இடம்பெறாதபோது எழுந்த சர்ச்சைக்குப் பின்னால் வேறு கேள்விகளும் இருந்தன. எனினும் `ft.` என்ற இரண்டு எழுத்தைப் பங்களிப்பின் அளவுகோலாக எடுத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தமிழில் இல்லை என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது வழி சற்றுச் சுற்றுவழி, ஆனால் நான் நம்புவது இதைத்தான்: பாடல் யாருடைய பக்கத்தில், எந்தப் பிரிவில் குடியிருக்கிறது என்று பார்ப்பது. Spotify-யில் ஒவ்வொரு பாடலுக்கும் கலைஞர் பெயர் இரண்டு நிலைகளில் இருக்கிறது. ஒன்று பாடலின் கீழ், மற்றொன்று அந்தப் பாடல் அடங்கிய வெளியீட்டின் அட்டைப்படத்தை ஒட்டி. நண்பரின் கைப்பேசியில் வெளியீட்டின் பக்கத்துக்குப் போனோம். அங்கே பாடகியின் பெயர் மட்டுமே இருந்தது. பிறகு ராப்பரின் பக்கத்தைத் திறந்தோம். அவருடைய சொந்த சிங்கிள்களின் வரிசையில் இந்தப் பாடல் இல்லை, பக்கத்தின் அடியில் `Appears On` என்ற பிரிவில்தான் கிடைத்தது. இரண்டும் பொருந்தின: பாட்டு பாடகியுடையது, ராப்பர் விருந்தினர். தயாரிப்பாளரின் பக்கத்திலும் பாடல் அதே பிரிவில்தான் இருந்தது; ஆனால் அவர் குரல் பாட்டில் எங்கும் இல்லை. தம் பெயரும் தட்டினால் திறக்கும் பெயராக இருக்கட்டும் என்று தயாரிப்பாளர்கள் தங்களையும் கலைஞர் வரிசையில் சேர்க்கச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அதனால் `Appears On` என்பது முதன்மையானவர் யார் அல்லர் என்பதை உறுதிப்படுத்துமே தவிர, வந்தவர் பாடினாரா, தயாரித்தாரா என்று சொல்லாது. அதற்குப் பாடலின் `Credits` பகுதியைத்தான் திறக்க வேண்டும்.

இந்த வழியும் பாடலை ஏற்றியவரின் கவனத்தை நம்பியே நிற்கிறது. பாடல்களை இத்தளங்களுக்கு அனுப்பிவைக்கும் விநியோக நிறுவனங்களின் படிவத்தில் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக எழுதி, பக்கத்திலேயே முதன்மையா விருந்தினரா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் பாடலை ஏற்றியபோது நான் இரண்டு பெயர்களையும் நடுவில் `feat.` போட்டு ஒரே கட்டத்தில் எழுதிவிட்டேன். விளைவாக, அந்த முழு வரியையுமே பெயராகக் கொண்ட புதிய கலைஞர் பக்கம் ஒன்று பிறந்து, இருவருடைய உண்மையான பக்கங்களிலும் பாடல் இல்லாமல் போயிற்று. கலைஞர் பெயருக்குள்ளேயே `feat.` இருக்கும் பக்கம் எங்காவது கண்ணில் பட்டால், அது என்னைப் போன்ற ஒருவரின் கைவேலை என்று தயங்காமல் முடிவு கட்டலாம்.

திரைப்பாடல்களுக்கு மூன்று வழிகளும் ஒருசேரத் தடுமாறும். தமிழ்த் திரைப்பாடல்களில் இசையமைப்பாளரின் பெயரையே வெளியீட்டின் கலைஞராகவும், பாடல் வரியின் முதல் பெயராகவும் போடுவது பரவலான வழக்கம். பாடியவர்கள் பின்னால் வருவார்கள். முதலில் நிற்பவர் ஒரு வரிகூடப் பாடாமல் இருக்கலாம், பின்னால் நிற்பவர்களை விருந்தினர் என்று அழைப்பதும் பொருந்தாது. அங்கே முதல் பெயரை ‘இசை’ என்றும் மற்றவற்றைக் ‘குரல்’ என்றும் படித்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சொல்லே தலைகீழாகும் இடமும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் இணைய வானொலி போன்ற சேவைகளுக்கான உரிமத் தொகையைப் பங்கிடும் சட்டத்தில் `featured artist` என்பவருக்கு 45 விழுக்காடு போகிறது. அங்கே அச்சொல் விருந்தினரைக் குறிப்பதன்று. பின்னணி இசைஞர்களிலிருந்து பிரித்து, பாட்டின் முகப்பில் பெயர் பெற்ற கலைஞரை, அதாவது முதன்மையானவரையே முதலில் குறிக்கிறது. பெயர் வரியில் பழகிய கண்ணோடு அத்தகைய படிவத்தை நிரப்பப் போகிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

நண்பரின் அறிவிப்புத் தாளில் கடைசியில் பாடகியின் பெயரை முதலில் எழுதி, ‘உடன் பாடியவர்’ என்று ராப்பரையும், ‘தயாரிப்பு’ என்று மூன்றாமவரையும் குறித்தோம். ‘விருந்தினர்’ என்ற சொல்லை அவர் அடித்துவிட்டார். இரண்டு பத்தி பாடியவரை அவருடைய சொந்த ஊர் மேடையிலேயே விருந்தாளி என்று அழைக்கத் தமக்கு வாய் வராது என்றார்.