சொல்லுக்குள் இருக்கும் மௌனம்: ஆடாசிட்டியோடு மூன்று ஆண்டுகள்

போன மாதம் மடிக்கணினியின் வட்டு செத்துப்போனது. பழுதுபார்ப்பவர் புதியதைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, பழையதிலிருந்து எதையும் மீட்க முடியாது என்று கையை விரித்தார். அதே வாரம் என் ஜப்பானிய வகுப்புத் தோழர் கேட்டார்: "உரையாடல்களை வாக்கியம் வாக்கியமாக வெட்டி, நடுவில் திருப்பிச் சொல்ல இடம் விட்டு வைத்திருக்கிறீர்களே, எதில் செய்தீர்கள்? நானும் செய்துகொள்ளலாமா?" இரண்டுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் ஆடாசிட்டியில் செய்தது. ஒலியை வெட்டி ஒட்ட உதவும் காசில்லாத மென்பொருள், எல்லாருக்கும் தெரிந்தது. அதன் பெருமைகளை நான் அடுக்கத் தேவையில்லை. என் மூன்று ஆண்டுக் கோபம் முழுவதும் அதில் `Label Sounds` என்று இருக்கும் ஒரே ஒரு வசதியைச் சுற்றித்தான். ஒலி எங்கே அடங்குகிறது, எங்கே மீண்டும் எழுகிறது என்று பார்த்து, பேச்சுப் பகுதி ஒவ்வொன்றுக்கும் அது தானாகவே லேபிள் ஒட்டிவிடும். எத்தனை டெசிபெலுக்குக் கீழே போனால் மௌனம், குறைந்தது எவ்வளவு நேரம் நீடித்தால் வாக்கிய முடிவு என்ற இரண்டு எண்களை நாம் கொடுக்க வேண்டும். முதல் நாள் மூன்று நிமிட உரையாடல் ஒன்றைக் கொடுத்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஐம்பது லேபிள்கள் வரிசையாக நின்றன. புளகாங்கிதம் அடைந்தேன். உரையாடலில் இருந்த வாக்கியங்கள் முப்பத்தெட்டுதான் என்பதை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

‘சொத்தோ மத்தே குதசாய்’ என்றால் ‘கொஞ்சம் பொறுங்கள்’. அது மூன்று துண்டாக வந்திருந்தது: ‘சொ’, ‘தோ ம’, ‘தே குதசாய்’. காரணம் எளிது. நாம் ‘பத்து’ என்று சொல்லும்போது ‘த்’தில் நாக்கு பல்லை அடைத்துக்கொண்டு ஒரு கணம் நிற்கிறது, அந்தக் கணத்தில் வாயிலிருந்து ஒலியே வருவதில்லை. ஜப்பானிய இரட்டிப்பும் அப்படித்தான். பாடத்துக்காக நிதானமாகப் படித்த ஒலிப்பதிவில் அந்த அடைப்பு கால் நொடி நீண்டிருந்தது. நான் கொடுத்திருந்த எல்லையோ 0.2 நொடி. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடம் தட்டையான கோடு. இயந்திரம் அதை வாக்கிய முடிவு என்று நினைத்ததில் அதன் தவறு ஒன்றுமில்லை. ஆனால் ‘கிதே குதசாய்’ என்றால் ‘வாருங்கள்’, ‘கித்தே குதசாய்’ என்றால் ‘வெட்டுங்கள்’ (இரண்டிலும் தகரம் வல்லினமாகவே ஒலிக்க வேண்டும், நம் நாக்கு முதலாவதை மெலித்துவிடும், அது தனித் தொல்லை). இரண்டையும் பிரித்துக் காட்டுவதே அந்த மௌனம்தான். அதிலேயே கத்தியை வைத்தால் பயிற்சி எதற்கு?

இதாவது காதில் விழுந்தது. விழாத ஒன்று இன்னும் மோசம். வாக்கியத்தின் கடைசியில் ‘தெஸு’ என்று எழுதப்படுவதை தோக்கியோ பேச்சில் பெரும்பாலும் ‘தெஸ்’ என்றே சொல்கிறார்கள். கடைசி உகரம் குரல் இல்லாமல் கரைந்துபோய், மெல்லிய ‘ஸ்’ என்ற சீறல் மட்டும் மிஞ்சும். உயிரொலிகளோடு ஒப்பிட்டால் அது மிகவும் சன்னமானது. எல்லையை -30 டெசிபெலில் வைத்தபோது அந்தச் சீறல் மௌனக் கணக்கில் சேர்ந்து வெட்டுப்பட்டது. துண்டில் மிஞ்சியது ‘தெ’. ஒரு மாதம் ‘கக்குசே தெ’ என்று நானும் கிளிப்பிள்ளையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘மாணவன்’ என்பதோடு முடிய வேண்டியது, ‘மாணவனாக இருந்து...’ என்று தொங்கும் பொருளாகிவிடுகிறது. வகுப்பில் அப்படிச் சொல்லி நிறுத்தினேன். ஆசிரியை பென்சிலைப் பிடித்தபடி, மீதியைச் சொல்வேன் என்று காத்திருந்தார்.

எண்களை மாற்றிப் பார்க்காமல் இல்லை. எல்லையை -42க்கு இறக்கி, துண்டின் வால்பக்கம் 0.3 நொடி கூடுதலாக விடச் சொன்னதும் ‘ஸ்’ திரும்பி வந்தது. மௌன நீளத்தை 0.45 ஆக்கியதும் ‘சொத்தோ மத்தே’ ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒருவர் கேள்வி கேட்டு முடித்த 0.3 நொடியில் அடுத்தவர் ‘ஹாய்’ என்று ஆமோதிக்கும் இடங்களில், இருவர் பேச்சும் ஒரே துண்டாகிவிட்டன. சொல்லுக்குள் இருக்கும் அடைப்புக்கும் இரண்டு பேருக்கு இடையே இருக்கும் இடைவெளிக்கும் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்கும்போது எந்த எண்ணைக் கொடுத்து என்ன பயன்? இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. இப்போது தானியங்கியைத் தொடுவதே இல்லை. கேட்டுக்கொண்டே வாக்கியத்தைத் தேர்ந்து Ctrl+B அழுத்தினால் லேபிள் விழுகிறது. மூன்று நிமிட உரையாடலுக்கு இருபத்தைந்து நிமிடம் பிடிக்கிறது. அதற்குள் உரையாடல் பாதி மனப்பாடம் ஆகிவிடுகிறது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

திருப்பிச் சொல்வதற்கான இடைவெளியை ஆடாசிட்டிக்குள் ஒவ்வொன்றாகச் செருகுவது பொறுமைக்குச் சோதனை. லேபிள்வாரியாகத் தனித்தனி `wav` கோப்புகளாக எடுத்து, மீதியை `ffmpeg` என்ற கட்டளைவரிக் கருவியிடம் விட்டுவிடுகிறேன். `gap` என்ற கோப்புறை முன்பே இருக்க வேண்டும்.

```
for f in *.wav; do
  d=$(ffprobe -v error -show_entries format=duration -of csv=p=0 "$f")
  p=$(echo "$d * 1.4 + 0.8" | bc)
  ffmpeg -v error -i "$f" -af "apad=pad_dur=$p" "gap/$f"
done
```

துண்டின் நீளத்துக்குச் சமமான இடைவெளி போதாது. கேட்டு முடித்து வாயைத் திறக்கவே முக்கால் நொடி ஓடிவிடுகிறது, 1.2 நொடி வாக்கியத்துக்கு 1.2 நொடிதான் என்றால் பாதியில் அடுத்தது வந்து மோதும். மேலே உள்ள கணக்கில் அதற்கு ஏறத்தாழ இரண்டரை நொடி கிடைக்கிறது, ஐந்து நொடி வாக்கியத்துக்கு 7.8 நொடி. இன்னொரு விநோதம்: என் புளூடூத் ஒலிபெருக்கி, முழு மௌனம் வந்ததும் தூங்கிப்போய், அடுத்த துண்டின் முதல் அசையை விழுங்கியது. ‘கொரே’ என்பது ‘ரே’ என்று கேட்டது. கோப்பைத்தான் திட்டினேன், கம்பியுள்ள இயர்போனில் கேட்டபோது ‘கொ’ பத்திரமாக இருந்தது.

இனி, நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்த சந்தோஷம். லேபிள்களைத் தனி உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். தொடக்கம், முடிவு, பெயர். நடுவில் டேப் இடைவெளி, அவ்வளவுதான்.

```
41.820000	43.310000	07_A_chotto
```

வட்டோடு என் திட்டக் கோப்புகள் அத்தனையும் போயின. ஆனால் மூல ஒலிகளும் இந்தச் சின்ன உரைக் கோப்புகளும் பென் டிரைவில் இருந்தன. ஒலியைத் திறந்து, லேபிள்களை இறக்குமதி செய்து, மீண்டும் வெட்டினேன். மூன்று ஆண்டு உழைப்பு ஒரே மாலையில் திரும்பி வந்தது. ஒரு பாடம் மட்டும் முரண்டு பிடித்தது. அதன் முன்னிசையை எட்டு நொடி வெட்டித் தள்ளிவிட்டு லேபிள் போட்டிருக்கிறேன். மூலக் கோப்பில் எல்லாமே எட்டு நொடி முன்னால் விழுந்தன. விரிதாளில் இரண்டு பத்திகளிலும் எட்டைக் கூட்டியதும் சரியாயிற்று.

இவ்வளவு புகழ்ந்த பிறகு தோழருக்கு நான் சொன்னது: வேண்டாம், நீங்கள் தொடங்காதீர்கள். தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. உங்களுக்கும் என்னைப் போலப் பிடிவாதம் இருந்தால் அந்த இரண்டு மாதமும் டெசிபெலோடு போய்விடும். சனிக்கிழமை பென் டிரைவோடு வாருங்கள், அதே பாடநூல்தானே, என் துண்டுகளையே தருகிறேன். பதினான்காம் பாடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது இன்னும் பழைய தானியங்கி வெட்டு, ‘ஸ்’ ஒன்றுகூட இல்லை.