ஆறு மணிக்குள் ஒரு போன்

நவக்கிரகக் கோயில்களைப் பற்றி எழுதப்போவதில்லை. ஒன்பதும் நல்லபடியாக முடிந்தன. வெள்ளிக்கிழமை இரவு 9.40 மணிக்குக் கும்பகோணத்தில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசை முன்னால், தூங்கி வழியும் குழந்தைகளோடு நின்றதைத்தான் எழுத வேண்டும்.

பத்தொன்பது பேர், ஒன்பது அறைகள், இரண்டு இரவுகள். டொராண்டோவிலிருந்தே பதிவு செய்து 12,000 ரூபாய் முன்பணமும் அனுப்பியிருந்தேன். நாங்கள் போன நேரம் சிதம்பரத்தில் நடை சாத்தியிருந்தது; மாலைவரை காத்திருந்தோம். வைத்தீஸ்வரன் கோயிலில் அங்காரகனுக்கு அர்ச்சனை செய்யாமல் வேனில் ஏறமாட்டேன் என்றார் அத்தை. வந்து சேர்ந்தால் ஐந்து அறைகள்தான் இருந்தன. மற்ற நான்கில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கத்தினேன். கனடாவில் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டால் நள்ளிரவு தாண்டினாலும் அறை காத்திருக்கும் என்று பாடம் எடுத்தேன். மேசையிலிருந்த பையன் முகம் சுளிக்கவில்லை. "நான்கு நாளைக்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தோமே சார்" என்று போனை நீட்டினான்.

"மதிப்பிற்குரிய குழுத் தலைவருக்கு வணக்கம். ஓர் இரவு வாடகை முன்பணமாக வந்த அறைகளை மறுநாள் காலைவரை தங்களுக்காக வைத்திருப்போம். மற்ற அறைகள் மாலை 6 மணிவரை மட்டுமே. தாமதமானால், 6 மணிக்குள் போனில் வரும் நேரத்தைச் சொன்னால் அவற்றையும் வைத்திருப்போம். முன்பணம் கட்டிய அறைக்கு யாரும் வராவிட்டால் முதல் இரவு வாடகையைத் திருப்பித் தர இயலாது. தகவலும் இல்லையென்றால் மறுநாள் பதிவும் ரத்தாகும். சிரமத்துக்கு மன்னிக்கவும்."

வணக்கத்தோடு நிறுத்திவிட்டு, ஏதோ வாழ்த்துச் செய்தி என்று தள்ளியிருந்தேன். வாடகை 2,400 ரூபாய். என் 12,000 ஐந்து அறைகளுக்குத்தான் சரி. நானோ அதை ஒன்பது அறைகளுக்கும் பொதுவான பணமாக நினைத்திருந்தேன். வேனுக்குள் ஆறு போன்கள் இருந்தன; ஒன்றிலிருந்துகூட அழைப்பு போகவில்லை.

அப்பா காலத்தில் பதிவு ஏது? பெரிய பேரேட்டில் பெயர் எழுதினால் மரக்கட்டை தொங்கும் சாவி கைக்கு வரும். அறை இல்லையென்றால் அடுத்த லாட்ஜ். அந்த நினைப்பிலேயே வந்துவிட்டேன் போலிருக்கிறது.

இதற்கிடையில் சித்தப்பா மகன் குடும்பம் மயிலாடுதுறையில் மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவன் பெயரிலிருந்த அறை, பணம் கட்டியது, பூட்டிக் கிடந்தது. அதை அத்தை பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். "குழுத் தலைவர் நீங்கள் சொன்னால் போதும் சார்" என்று பட்டியலில் பெயரை அடித்து எழுதினான். வராத அறைக்கு 2,400 ரூபாய் தண்டம் அழுவது அதோடு நின்றது. மீதி மூன்று குடும்பங்களுக்கு அடுத்த தெருவில் இடம் பிடித்துக் கொடுத்தவனும் அவனே. என் கத்தலுக்கு அது அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர். மாலை 5.30 மணிக்கே அந்த விடுதிக்குப் போன் செய்து, எட்டு மணியாகும், அறைகளைக் கொடுத்துவிடாதீர்கள் என்றேன்.

"சார், உங்களுக்கு முழுப் பணமும் வந்துவிட்டதே" என்றார்கள்.


பரவாயில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.