வானத்துக்கு ஒரு ஸ்டைல், ஆளுக்கு ஒன்று, தரைக்கு ஒன்று: இரண்டு வருடம் பயன்படுத்திய அனுபவம்

கிருஷ்ணகிரியில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆல்பத்துக்கு நடுவில் ஓவியம் போல ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்பவர்களுக்காக, ஒரு படத்தின் தீட்டல் பாணியை இன்னொரு போட்டோவுக்கு ஏற்றும் ஸ்டைல் டிரான்ஸ்ஃபரைத் தொட்டேன். படம் முழுவதற்கும் ஒரே ஸ்டைல் போட்டால் முகமும் மேகமும் ஒரே தூரிகையில் தீட்டியது போலக் குழம்பிவிடும். அதனால் படத்தில் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் செக்மென்டேஷன் மாஸ்க் வைத்து மூன்றாகப் பிரிக்கும் வழிக்கு வந்தேன். இப்போது வானத்துக்கு ஒரு நீர்வண்ணப் படம், ஆளுக்கு ஒரு பென்சில் கோட்டோவியம், தரைக்கு எங்கள் வீட்டுக் கோரைப்பாயை நானே எடுத்த போட்டோ. இதுதான் என் கூட்டணி.

வேலை கேட்க எளிதுதான். ADE20K என்ற படத்தொகுப்பில் பயிற்சி பெற்ற SegFormer என்ற மாடல் ஒவ்வொரு புள்ளிக்கும் அது என்ன வகை என்று ஓர் எண் கொடுக்கும்: வானம் 2, ஆள் 12. மற்ற எல்லாவற்றையும் தரை என்று வைத்துக்கொள்வேன். மூன்று ஸ்டைலிலும் முழுப் படத்தையும் தனித்தனியாக ஓட்டி, மாஸ்க் வழியாக ஒட்டிவிட்டால் முடிந்தது.

கே.ஆர்.பி. அணைக்கரையில் எடுத்த ஒரு சிறுமியின் படம்தான் எனக்குப் பாடம் நடத்தியது. பாவாடை சட்டை, தலைக்கு மேல் சாயங்கால வானம். 8x12 பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த அம்மா, "தம்பி, பாப்பா தலையைச் சுத்தி என்ன இது, பழுப்பு நூல் மாதிரி?" என்றார். உற்றுப் பார்த்தால் உண்மைதான். தலைக்கும் வானத்துக்கும் நடுவில், தோள் வரைக்கும், பாய் பின்னல் மெல்லிய பட்டையாக ஓடியிருந்தது. தரையே இல்லாத இடத்தில் தரை ஸ்டைல்!

மாஸ்க் தப்பாகப் பிரித்துவிட்டது என்று இரண்டு நாள் வேறு வேறு மாடல் மாற்றிப் பார்த்தேன். தப்பு என்னுடையது. 512x512 ஆகச் சுருக்கிக் கொடுக்கும் படத்துக்கு அந்த மாடல் 128x128 அளவில்தான் விடை தருகிறது. என் படமோ 1024x1536. பெரிதாக்கும்போது OpenCV-யின் cv2.resize வழக்கம்போலப் பக்கத்து எண்களைச் சராசரி எடுத்துக் கலந்துவிட்டது. வானத்தின் 2-க்கும் ஆளின் 12-க்கும் நடுவே 3 முதல் 11 வரை எண்கள் முளைத்தன. அந்தப் பட்டியலில் 6 என்றால் சாலை, 7 என்றால் கட்டில்! என் கணக்கில் இவை எல்லாமே தரை. மாஸ்க்கின் ஒரு கட்டம் பெரிய படத்தில் குறுக்கே 8, நெடுக்கே 12 பிக்சல் வரும். நூலின் தடிமனும் ஏறக்குறைய அதுவே.

முதலில் வகைவாரியாகப் பிரித்துவிட்டு, அப்புறம் பெரிதாக்க வேண்டும். இதில் label என்பது மாடல் தந்த எண்கள், w, h என்பவை பெரிய படத்தின் அகலமும் உயரமும்:

```python
sky = (label == 2).astype("float32")
person = (label == 12).astype("float32")
sky = cv2.resize(sky, (w, h))
person = cv2.resize(person, (w, h))
ground = 1 - sky - person
```

இப்போது கலப்பது வகை எண் அல்ல, 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட அளவுதான். ஓரம் தானாகவே மென்மையாகிவிடுகிறது. மூன்றையும் கூட்டினால் எங்கும் 1 வருவதால் இருண்ட கோடும் விழாது. உங்கள் படத்திலும் இந்த நூல் இருக்கிறதா என்று பார்க்க, ground-ஐ மட்டும் 255-ஆல் பெருக்கிக் கறுப்பு வெள்ளைப் படமாகச் சேமித்துப் பாருங்கள். ஆளின் உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் இதே கோளாறு.

நூல் போன பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. தலையைச் சுற்றி வானத்தில் மங்கலான நிழல் வளையம். வானத்துக்கான ஸ்டைலை முழுப் படத்திலும் ஓட்டும்போது அதற்குச் சிறுமியும் தெரிகிறாள். தூரிகைத் தீற்றல் அவள் ஓரத்தைத் தாண்டி வானத்துக்குள் வழிகிறது. அந்த வழிசல் ஆளின் மாஸ்க்குக்கு வெளியே கிடப்பதால் ஒட்டும்போது மறைவதில்லை. மாஸ்க்கை எவ்வளவு மழுப்பினாலும் இது போகாது. வானத்தை ஓட்டும் முன் ஆள் இருக்கும் இடத்தை, அதைச் சுற்றியுள்ள வான நிறத்தால் நிரப்பிவிடுகிறேன். அந்த இடம் எப்படியும் ஆளுக்கு அடியில் போய்விடும், அதனால் நிரப்பல் அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. நிரப்பும்போது மாஸ்க்கைவிடப் பத்துப் பதினைந்து பிக்சல் அதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓர முடி ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் நிழல் திரும்பி வந்துவிடும்.

முகத்தில் ஸ்டைலை முழுதாக விடுவதில்லை. மூன்றில் ஒரு பங்கு ஸ்டைல், மீதி அசல் போட்டோ. நிறத்தையும் அசலிலிருந்தே எடுத்து, வெளிச்சத்தை மட்டும் ஸ்டைலிலிருந்து வாங்குகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் முகம் சாம்பலாக வந்தால் பணம் தரமாட்டார்கள், அதுவும் நியாயம்தான்.

இன்றைக்கும் கையால் செய்வது அணைத் தண்ணீர். என் விதிப்படி அது தரைக்குப் போய், தண்ணீர் மேல் பாய் விரித்தது போல நிற்கும். வானம் அதில் தெரிகிறது என்பதால் வான ஸ்டைலுக்கு மாற்றினேன், உடனே படம் பொருந்தியது. ஆனால் கரையோரத்தில் ஈர மண்ணும் தண்ணீரும் சேரும் இடத்தை மாடல் சரியாகப் பிரிப்பதில்லை. அங்கே மட்டும் பிரஷ் எடுத்து மாஸ்க்கை நானே வரைகிறேன், படத்துக்குப் பத்து நிமிடம் ஆகிறது.