உச்சி வெயிலில் 1/50 ஷட்டர்: என்டி ஃபில்டரா, மேனுவலா?

நடுப்பகலில் எடுத்த வீடியோவில் ஓடுகிறவர் வெட்டி வெட்டி ஓடுவதுபோல் தெரிந்தால், காரணம் பெரும்பாலும் ஷட்டர்தான்; வெயில் அதிகமென்று கேமரா அதை வேகமாக்கிவிடும். ஒரு சைக்கிள் 4K ஃபிரேமை, அதாவது 3840 பிக்சல் அகலத்தை, 2 நொடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 ஃபிரேமில் வழக்கமான 1/50 நொடி ஷட்டரில் அது ஒவ்வொரு ஃபிரேமிலும் 38 பிக்சல் அளவுக்கு இழுபடும். கண்ணுக்கு அது இயல்பான ஓட்டம். 1/4000-இல் அரை பிக்சல்கூட இழுபடாது. ஃபோட்டோக்களை வரிசையாக ஓட்டியதுபோல் இருக்கும்.

சரி, 1/50-ஐ எப்படிக் காப்பாற்றுவது? காசு செலவில்லாத வழி மேனுவல். ISO 100, ஷட்டர் 1/50 என்று பூட்டினால், தெளிந்த வெயிலில் சரியான ஒளிக்கு அப்பர்ச்சரை f/22 வரை மூட வேண்டும். அங்கேதான் வம்பு. அவ்வளவு சிறிய துளையில் ஒளி சிதறி, படம் முழுக்க மழுங்கும். சென்சாரில் ஒட்டிய தூசியெல்லாம் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். நான் அதை லென்ஸ் அழுக்கு என்று நினைத்து ஒரு மதியம் முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னணியை மங்கலாக்கும் ஆசையையும் விட்டுவிட வேண்டியதுதான். f/11-இல் நின்றுகொண்டு ஷட்டரை 1/200 ஆக்கலாம். ஆனால் 38 பிக்சல் 10-க்குக் கீழே போய்விடும். மெதுவான காட்சிக்குப் பரவாயில்லை, சைக்கிளுக்கு ஆகாது. அப்பர்ச்சர் மாறாத ஃபோனிலோ இந்த வழிக்கே இடமில்லை. f/1.8-இல் 1/50 வைத்தால், ISO-வை எவ்வளவு குறைத்தாலும் திரை வெளுத்துவிடும்.

என்டி ஃபில்டர் லென்ஸுக்கு முன்னால் போடும் கூலிங் கிளாஸ்தான். ND8 போட்டால் ஒளி 3 ஸ்டாப் குறையும், அதாவது மூன்று முறை பாதியாகும்; f/22 கேட்ட இடத்தில் f/8 போதும். ND64 போட்டால் 6 ஸ்டாப், f/2.8 வரை திறக்கலாம். இதிலும் குறை உண்டு. அடர்த்தியான ஃபில்டர் அகச்சிவப்பைத் தடுக்காவிட்டால் கறுப்புத் துணி பழுப்பேறித் தெரியும். அடர்த்தியைச் சுழற்றி மாற்றும் ஃபில்டரில் இரண்டு போலரைசர்கள் இருப்பதால், வைட் லென்ஸில் கடைசி வரை திருப்பினால் படத்தின் குறுக்கே X வடிவில் கறுப்பு விழும். நீல வானமும் ஒரு பக்கம் மட்டும் இருளும்.

உண்மையில் ஃபில்டர் போட்டாலும் மேனுவல் வேண்டும். ஆட்டோவில் விட்டால், ஃபில்டர் மறைத்த ஒளியை ஈடுகட்ட கேமரா ISO-வை ஏற்றிவிடும். அப்புறம் ஃபில்டர் போட்டு என்ன பயன்? 1/50, ISO 100 இரண்டையும் பூட்டிவிட்டு அப்பர்ச்சரை மட்டும் திருப்புங்கள்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அகலக் காட்சிக்கு மாறாத ND8, ஆட்களை எடுக்க ND64. இரண்டும் இல்லாத நாளில் f/16, 1/100 என்று நான் சமாளிப்பேன். 19 பிக்சல் இழுபடும், பாதி இயல்பாவது மிஞ்சும்.