8 பேர் அலுவலகத்துக்கு ஆஃபிஸ் மென்பொருள்: வாடகையா, சொந்தமா, இலவசமா?

எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்துக்காக இந்த ஸ்லைடைத் தயாரித்தேன். முதல் வரைவில் எல்லா வழிகளுக்கும் ஐந்து வருடச் செலவைப் போட்டிருந்தேன். அது தவறு.

கணக்கு எளிதாக இருக்க, மைக்ரோசாஃப்ட் 365 சந்தா ஓர் ஆளுக்கு மாதம் ₹800 என்றும், ஒரே முறை வாங்கும் ஆஃபிஸ் 2024 ஒரு கணினிக்கு ₹32,000 என்றும் வைத்துக்கொண்டேன். உங்கள் டீலர் தரும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்குச் சந்தா ₹48,000 ஆகிறது. அப்படிப் பார்த்தால் சொந்தமாக வாங்குவதே லாபம் என்று தோன்றும்.

ஆனால் ஆஃபிஸ் 2024-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 அக்டோபர் 9 வரைதான் வரும். 2026 ஜூனில் வாங்கினால் கையில் இருப்பது 40 மாதம். ₹32,000-ஐ 40-ஆல் வகுத்தால் மாதம் ₹800, அதாவது சந்தாவுக்குக் கொடுக்கும் அதே தொகை. அந்தத் தேதிக்குப் பிறகும் மென்பொருள் திறக்கும்தான். ஆனால் வாடிக்கையாளரின் பான், வங்கி விவரங்கள் இருக்கும் கணினியில் அதை ஓட்ட நான் சம்மதிக்க மாட்டேன். தாமதமாக வாங்க வாங்கச் சொந்த உரிமத்தின் மாதச் செலவு ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே 40 மாதத்துக்கே ஸ்லைடைத் திருத்தினேன்:

| வழி | 40 மாதச் செலவு |
|---|---|
| எட்டுப் பேருக்கும் சந்தா | ₹2,56,000 |
| எட்டுக் கணினிக்கும் ஆஃபிஸ் 2024 | ₹2,56,000 |
| இருவருக்குச் சந்தா, ஆறு பேருக்கு இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ் | ₹76,600 |

கடைசி வரியில் சந்தா ₹64,000. மீதி ₹12,600, ஆறு பேர் பழகிக்கொள்ள ஆளுக்கு மூன்று நாள் சம்பளம், நாளுக்கு ₹700 வீதம். இலவசம் என்று பூஜ்ஜியம் போட்டால் ஸ்லைடு பொய் சொல்லும்.

எட்டுப் பேரையும் ஏன் மாற்றவில்லை? ஜிஎஸ்டிஆர்-9 ஆஃப்லைன் கோப்பு எக்செல் மேக்ரோக்களை நம்பி எழுதப்பட்டது. லிப்ரே ஆஃபிஸில் அதை நம்பி ஓட்ட முடியாது. ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் இருவருக்கு எக்செல் கட்டாயம். கடிதமும் பட்டியலும் தயாரிக்கும் ஆறு பேருக்கு அந்தத் தேவை இல்லை.

பல சந்தாத் திட்டங்களில் மின்னஞ்சலும் சேமிப்பிடமும் சேர்ந்தே வருவது உண்மையான பயன். மற்ற இருவழிகளிலும் அலுவலக மின்னஞ்சலுக்குத் தனியாகப் பணம் கட்டுகிறீர்கள் என்றால் அதையும் அந்த வரியில் கூட்டுங்கள். ஆண்டு ஒப்பந்தச் சந்தாவில் ஆள் நடுவில் விலகினாலும் அந்த ஆண்டு முடியும்வரை கட்டணம் ஓடும் என்பதை மறக்க வேண்டாம்.

முடிவெடுக்கும் முன் அலுவலகத்தில் அதிகம் புழங்கும் பத்துக் கோப்புகளை லிப்ரே ஆஃபிஸில் திறந்து, சேமித்து, மீண்டும் வேர்டிலும் எக்செலிலும் திறந்து பாருங்கள். பக்க எண்ணிக்கை மாறினாலோ, லெட்டர்ஹெட் நகர்ந்தாலோ, கூட்டுத்தொகை வேறாக வந்தாலோ, அந்தக் கோப்பைக் கையாள்பவரையும் சந்தா பக்கம் எழுதுங்கள். அப்படி ஓர் ஆள் மாறினால் ₹32,000 கூடும், பயிற்சிச் செலவில் ₹2,100 குறையும்.