கெட்டில் அடியில் விழுந்த விரிசலும் கடைக்குக் கொடுத்த கடிதமும்

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக்குக் கெட்டில் வந்தது அப்பாவுக்காக. ஐப்பசி அடைமழையில் விடியற்காலை நாலரைக்கே எழுந்து வெந்நீர் கேட்பார். அந்த நேரத்தில் அம்மா அடுப்படியில் போய் நிற்க வேண்டாம் என்று கடைத்தெருவில் 1,190 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒன்றரை லிட்டர், 1500 வாட், எவர்சில்வர் உடம்பு, அடியில் கறுப்பு பிளாஸ்டிக், ஒரு வருட வாரண்டி. பில் தேதி நவம்பர் 4.

ஒரு நாளைக்கு மூன்று தடவை போடுவோம். 23ஆம் நாள் மேடையைத் துடைக்கக் கெட்டிலைத் தூக்கிய அம்மாவின் விரலில் ஏதோ நெருடியது. கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் இருக்கும் மூன்று திருகாணிகளில் ஒன்றின் குழியிலிருந்து முடி போல ஒரு கோடு கிளம்பி, விளிம்பைத் தொடாமல் அரை விரற்கடை முன்பாக நின்றிருந்தது.

"தண்ணி ஒழுகலையேப்பா, இருக்கட்டுமே" என்றார் அப்பா. ஒழுகாதுதான். தண்ணீரைத் தாங்குவது எவர்சில்வர் பாத்திரம், பிளாஸ்டிக் இல்லை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் மூடிக்குள்தான் ஹீட்டருக்குப் போகும் இணைப்புகளும் தெர்மோஸ்டாட்டும் இருக்கின்றன. பொங்கி வழிந்த தண்ணீர் பக்கவாட்டில் இறங்கி விரிசல் வழியாக உள்ளே போனால், 230 வோல்ட் வரும் இடத்தில் போய் நிற்கும். எர்த் சரியில்லாத வீடாக இருந்தால் எவர்சில்வர் உடம்பிலேயே ஷாக் அடிக்கும். பசை போட்டு ஒட்டவும் கூடாது. சூட்டில் பிளாஸ்டிக் விரிந்து சுருங்கும்போது ஒட்டு விட்டுப்போகும். ஒட்டிய தடம் தெரிந்தால் வாரண்டியும் போய்விடும். அன்றோடு பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டேன்.

கடையில் கவுன்டரில் இருந்த தம்பி பார்த்த மாத்திரத்தில், "கீழ போட்டிருப்பீங்க சார், உடைஞ்ச பிளாஸ்டிக்குக்கு வாரண்டி கிடையாது" என்றார். வாரண்டி கார்டிலும் அப்படித்தான் இருந்தது: கீழே விழுந்து உடைந்தால் பொறுப்பில்லை. ஆக, இது விழுந்து உடைந்ததா, தானாக விட்டதா என்பது ஒன்றுதான் கேள்வி. பதில் அந்தக் கோட்டிலேயே இருந்தது. விழுந்த கெட்டிலில் மோதிய இடம் தெரியும். விளிம்பில் சிராய்ப்போ வெள்ளை பூத்த தழும்போ இருக்கும், எவர்சில்வர் நசுங்கியிருக்கும், பெரும்பாலும் விரிசல் விளிம்பில் தொடங்கி உள்ளே போகும். எங்களுடையது உள்ளே தொடங்கி விளிம்புக்கு முன்பே நின்றுவிட்டது; திருகாணியின் பக்கம்தான் அகலம். திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் அந்தக் குழி எப்போதும் இழுவிசையிலேயே இருக்கும், தினம் மூன்று தடவை சூடு ஏறி இறங்க அங்கேதான் விடும் என்பது என் கணிப்பு.

அதையே கடிதமாக எழுதினேன். கோபத்தில் எழுதிய முதல் படியைக் கிழித்துவிட்டு, ஒரு பக்கத்துக்குள் முடித்தது இது:

"நவம்பர் 4 அன்று தங்கள் கடையில் வாங்கிய கெட்டிலின் (பில் நகல் இணைப்பு) அடிப்பாகம் நவம்பர் 26 அன்று விரிசல் விட்டிருப்பதைக் கண்டோம். விரிசல் திருகாணிக் குழியில் தொடங்கி, விளிம்பை எட்டாமல் நிற்கிறது. விளிம்பைச் சுற்றி எங்கும் அடிபட்ட தடம் இல்லை என்பதை இணைத்துள்ள நான்கு படங்களில் காணலாம். இது பொருளின் குறைபாடு. மின்கசிவு அபாயம் இருப்பதால் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம். பழுது பார்ப்பதை ஏற்க இயலாது. 15 நாட்களுக்குள் புதிய கெட்டில் அல்லது முழுத் தொகை தர வேண்டுகிறேன். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுவேன்."

ஆணையம் என்று எழுதியது வெறும் மிரட்டல் இல்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் புகார் பதியலாம். எனக்கு இரண்டுமே தேவைப்படவில்லை.

கடிதம் இரண்டு படி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கடை முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். கெட்டிலை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் நாளைக்கு நம் கையில் எதுவும் இருக்காது. முத்திரை கேட்டதும் முதலாளியே எழுந்து வந்தார். செல்போன் வெளிச்சத்தில் கோட்டைப் பார்த்தவர், "விழுந்தது இல்லதான்" என்று சொல்லி டீலருக்குப் படங்களை அனுப்பினார். எட்டாம் நாள் அதே மாடலில் புதியது வந்தது. மாற்றிக் கொடுத்த தேதியைப் பழைய பில்லிலேயே எழுதி முத்திரை போட்டுத் தந்தார். அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

இது எட்டு மாதமாக ஓடுகிறது. ஒன்றரை லிட்டர் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் கொஞ்சம் பிடிக்கிறது. போர் தண்ணீரில் உள்ளே வெள்ளைப் படலம் படிவதால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை எலுமிச்சைச் சாறு விட்டுக் கொதிக்க வைத்துக் கழுவுகிறோம். பொங்கி வழியாமலிருக்க மேல் கோட்டுக்கு ஒரு விரல் கீழேயே நிறுத்திக்கொள்கிறோம். மாசம் பிறந்தால் அம்மா கெட்டிலைக் கவிழ்த்து மூன்று திருகாணிக் குழிகளையும் விரலால் தடவிப் பார்க்கிறார். இதுவரை வழவழப்பாகவே இருக்கிறது.