கிராஃபைட்டின் சிறு படிகள்: எல்எஃப்பி செல்லில் தெரிவதும் என்எம்சி செல்லில் மறைவதும்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில், லோட் ஷெடிங் காலத்தில் வாங்கிய பேட்டரியைப் பலர் இப்போதும் இரவில் ஓடவிடுகிறார்கள். பகலில் சூரியப் பலகை நிரப்புகிறது. இரவில் ரௌட்டர், மின்விசிறி, ஓரிரு விளக்குகள், பழைய குளிர்பெட்டி ஆகியவை அதிலிருந்து மெதுவாக எடுத்துக்கொள்கின்றன. பக்கத்து வீட்டு இளைஞர் ஒருநாள் தம் கைபேசித் திரையைக் காட்டி, "மாமா, எட்டு மணியிலிருந்து 53.4 வோல்ட்டிலேயே நின்றது, விடிகாலை நாலு மணி வாக்கில் 52.8-க்கு இறங்கி மறுபடியும் அப்படியே நின்றுவிட்டது. ஏதாவது ஒரு செல் செத்துவிட்டதா?" என்று கேட்டார். அவருடைய தம்பியின் மின்சைக்கிள் பேட்டரியில் இப்படி ஒரு படி தெரிந்ததில்லை என்பது அவர் கவலையைக் கூட்டியிருந்தது.

செல் சாகவில்லை. ஒரு செல் மட்டும் கெட்டிருந்தால் அதன் மின்னழுத்தம் மட்டுமே மற்றவற்றை விட்டு விலகியிருக்கும். இங்கே தொடராக உள்ள 16 செல்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒவ்வொன்றும் சுமார் 35 மில்லிவோல்ட் இறங்கியிருந்தன. பதினாறால் பெருக்கினால் அரை வோல்ட்டுக்குச் சற்றே மேல் வரும். வீட்டுப் பேட்டரி எல்எஃப்பி வகை, அதாவது அதன் நேர்முனையான கேத்தோடு LiFePO4 என்னும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். மின்சைக்கிளில் இருப்பது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்எம்சி. இரண்டிலும் எதிர்முனையான ஆனோடு கிராஃபைட்டே. படியும் இரண்டிலும் இருக்கிறது. ஒன்றில் கண்ணுக்குத் தெரிகிறது, மற்றதில் மறைந்துகொள்கிறது.

கிராஃபைட் என்பது கார்பன் தாள்களின் அடுக்கு. லித்தியம் அத்தாள்களுக்கிடையே உள்ள இடைவெளிகளில் போய்த் தங்குகிறது. ஓர் இடைவெளியைத் திறப்பதற்கு ஆற்றல் செலவாகிறது: வெற்று நிலையில் தாள்களின் தூரம் சுமார் 3.35 ஆங்ஸ்ட்ராம், நிரம்பியதும் சுமார் 3.70. ஆகவே எல்லா இடைவெளிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதைவிட, சிலவற்றை நன்கு திறந்து அவற்றில் லித்தியத்தைத் திரட்டி வைப்பது சிக்கனம். அதே சமயம் நிரம்பிய இடைவெளிகள் ஒன்றையொன்று தள்ளுவதால் அவை அருகருகே அமையாமல் ஒழுங்கான தூரத்தில் அமைகின்றன. இவ்விரண்டும் சேர்ந்து ஏற்படுத்துவதுதான் படிநிலை அமைப்பு. ஒன்றுவிட்டு ஒன்று நிரம்பியது இரண்டாம் நிலை, LiC12. எல்லாமே நிரம்பியது முதல் நிலை, LiC6. எண் குறையக் குறைய லித்தியம் கூடும் என்பதைப் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கம்.

ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும்போது கிராஃபைட் துகளில் இரு நிலைகளும் ஒருசேர இருக்கின்றன. அப்படி இரு கட்டங்கள் உடனிருக்கும்வரை, உள்ளே வரும் லித்தியம் ஒன்றைக் குறைத்து மற்றதைப் பெருக்குகிறதே தவிர, எந்தக் கட்டத்தின் செறிவையும் மாற்றுவதில்லை. எனவே மின்னழுத்தமும் மாறாமல் ஒரு மேடைபோல் சமமாக நிற்கிறது. LiC12-க்கும் LiC6-க்கும் இடைப்பட்ட மேடை, லித்தியம் உலோகத்தை ஒப்பிட்டு சுமார் 0.085 வோல்ட்டில் இருக்கிறது. LiC12-க்கு முந்தைய மேடை சுமார் 0.12 வோல்ட்டில் இருக்கிறது. பழைய கட்டம் தீர்ந்து போகும் கணத்தில்தான் மின்னழுத்தம் ஒரு மேடையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. 35 மில்லிவோல்ட் என்ற எண் இங்கிருந்துதான் வந்தது.

செல்லின் மின்னழுத்தம் கேத்தோடின் மின்னழுத்தத்திலிருந்து ஆனோடின் மின்னழுத்தத்தைக் கழித்த மீதி. மின்னிறக்கத்தில் கிராஃபைட் காலியாகும்போது அதன் மின்னழுத்தம் ஏறுகிறது, செல்லின் மின்னழுத்தம் இறங்குகிறது. மின்னூட்டத்தில் இது திரும்பி நடக்கிறது. எல்எஃப்பி கேத்தோடு தானும் இரு கட்டங்களால் ஆனது. பெரும்பகுதி நேரம் அது 3.42 வோல்ட் வாக்கில் அசையாமல் நிற்கிறது. அசையாத பின்புலத்தில் சிறு அசைவும் பளிச்சென்று தெரியும்: 3.42-லிருந்து 0.085 போனால் 3.34-க்கு அருகில், 0.12 போனால் 3.30. படி கேத்தோடினுடையது அல்ல என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. அதே எல்எஃப்பி கேத்தோடை, 1.55 வோல்ட்டில் சமமாக நிற்கும் லித்தியம் டைட்டனேட் ஆனோடுடன் சேர்த்தால் இந்த இடைப்படி காணாமற்போகிறது.

என்எம்சி கேத்தோடோ மின்னிறக்கம் முழுவதும் சரிந்துகொண்டே இருப்பது. அதன் நடுப்பகுதியில் பத்து சதவீத இறக்கத்துக்கே கிராஃபைட்டின் படியைவிடப் பெரிய சரிவு ஏற்படலாம். அந்தச் சரிவில் 35 மில்லிவோல்ட் கரைந்துவிடுகிறது. அதை மீட்க, ஒவ்வொரு ஆம்பியர்-மணிக்கும் மின்னழுத்தம் எவ்வளவு மாறியது என்ற சாய்வை, அதாவது dV/dQ-வை, வரைய வேண்டும். இரு முனைகளின் சாய்வுகள் நேரடியாகக் கழிவதால் சரிவான பின்புலம் ஒரு தளமாகப் படுத்துக்கொள்கிறது. LiC12 நிரம்பும் இடத்தில் ஒரு மேடு எழுகிறது. வெறுங்கண்ணுக்கு எல்எஃப்பியே மேல் என்பது என் கருத்து. ஆனால் அதே சமதளம்தான் எல்எஃப்பியில் மீதச் சதவீதத்தைக் கணிக்க விடாமல் படுத்துகிறது. என்எம்சியில் மின்னழுத்தமே ஓரளவு மீதத்தைச் சொல்லிவிடுகிறது.

அந்த நடுப்படியால் ஒரு பயன் உண்டு. 100 ஆம்பியர்-மணி எல்எஃப்பி செல் ஒன்றில் கிராஃபைட்டின் கொள்ளளவு 120 என்று வைத்துக்கொள்வோம். லித்தியம் உலோகமாகப் படியாதிருக்க ஆனோடைச் சற்றுப் பெரிதாகவே வைப்பார்கள். பாதி நிரம்பிய LiC12 இடம், காலியிலிருந்து 60 ஆம்பியர்-மணியில் வரும். அதாவது முழுமையிலிருந்து 40 ஆம்பியர்-மணி இறங்கியபின். பக்கத்து வீட்டில் 5 ஆம்பியர் வீதம் எட்டு மணி நேரம் எடுத்தது சரியாக அதுவே. சில ஆண்டுகளில் மொத்தம் 92-ஆகக் குறைந்தது என்று கொள்வோம். படி முழுமையிலிருந்து 32-இல் வந்து, படியிலிருந்து காலி வரை அதே 60 இருந்தால், கிராஃபைட் நலமாகவே இருக்கிறது. இழந்தது அதன் மேற்பரப்புப் படலத்தில் சிக்கிக்கொண்ட 8 ஆம்பியர்-மணி லித்தியம். மாறாகக் கீழ்ப்பகுதி 60-லிருந்து 54-ஆகச் சுருங்கியிருந்தால், கிராஃபைட்டிலேயே பத்தில் ஒரு பங்கு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. மொத்தக் கொள்ளளவை மட்டும் அளந்தவருக்கு இரண்டும் ஒரே எண்ணாகவே தெரியும்.

இந்த அளவீடு பொறுமை கேட்கும். இருபது மணி நேர வேகத்தில் படி தெளிவாகத் தெரிகிறது. கெட்டிலும் அடுப்பும் ஓடும் நேரத்தில், மின்முனையின் வெவ்வேறு ஆழத்திலுள்ள துகள்கள் வெவ்வேறு நேரத்தில் LiC12-ஐக் கடப்பதால், படி அகன்று மங்கிப்போகிறது. செல்கள் சமநிலையில் இல்லாத பேட்டரியிலும் பதினாறு படிகள் பதினாறு நேரத்தில் வரும்; அப்போது மொத்த மின்னழுத்தத்தை விட்டுவிட்டுச் செல் செல்லாகப் பார்க்க வேண்டும். இளைஞரிடம், முழுதாக நிரப்பியபின் அதே சுமையில் வருடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டு, படி எத்தனை ஆம்பியர்-மணியில் வந்தது என்று குறித்துவைக்கச் சொன்னேன். முதல் பதிவாக 40 என்று எழுதியிருக்கிறார்.